கெஞ்சாத மனு

திங்கள்கிழமை காலையில் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களுக்கு அதன் நடை மனப்பாடம். முதலில் வணக்கம், அடுத்து குடும்பக் கஷ்டம், கடைசியில் ‘தாங்கள் கருணை கூர்ந்து’. எழுதிக் கொடுப்பவரும் அந்த நடையில்தான் எழுதுவார். இல்லாமையைச் சொல்லி இரக்கத்தைக் கேட்பது நமக்குத் தலைமுறைப் பழக்கம். அதே கையால் முதல்முறையாக ஒரு வெளிநாட்டுத் தூதரகத்துக்கு விசா கவரிங் லெட்டர் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே இல்லாமையைச் சொன்னால் காரியம் கெட்டது. ‘ஐரோப்பாவைப் பார்ப்பது என் வாழ்நாள் கனவு’ என்ற வரியும் அந்த மேசையில் எதையும் அசைக்காது.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது, வெற்றுப் பாஸ்போர்ட். மனைவியோடு ஜூன் 10 காலை பாரிஸில் இறங்கி அங்கே ஐந்து இரவு, பிறகு ரயிலில் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் போய் மூன்று இரவு, ஜூன் 18 சூரிச்சிலிருந்து ஊருக்கு விமானம். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனால் யாரிடம் கேட்பது? எங்கே அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம். சரிசமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். அண்ணாச்சிக்கு ஆகவே பிரான்ஸ். சென்னை விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிய பிறகு மகள் வந்து, “அப்பா, பாரிஸ்ல மூணு நாள் போதும், சுவிஸ்ல அஞ்சு நாள் இருங்க” என்று புக்கிங்கை மாற்றினால், பிரான்ஸிடம் கேட்கும் உரிமையே போய்விடும். இந்த ஒரு மாற்றத்தோடு கடிதம், படிவம், அப்பாயின்ட்மென்ட் மூன்றும் மாற வேண்டும்.

முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சென்னை மையத்தில் கைரேகை எடுத்து, காகிதங்களை வாங்கிக்கொள்பவர் முடிவு சொல்பவர் அல்லர். காகிதங்கள் வேறு மேசைக்குப் போகின்றன. அங்கே கவரிங் லெட்டர் நமக்காகப் பேசும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மற்ற காகிதங்களைப் பேசவைக்கத்தான் இருக்கிறது. ‘செலவை நானே ஏற்கிறேன்’ என்றால் பின்னால் வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் இருக்க வேண்டும். ‘கடை நடத்துகிறேன்’ என்றால் ஜி.எஸ்.டி. பதிவு. பின்னால் காகிதம் இல்லாத வரியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது. எடுத்தபின் மிஞ்சுவது ஒரு பக்கம்தான், அது போதும்.

பிசகு பெரும்பாலும் ஓட்டல் புக்கிங்கில்தான் ஒளிந்திருக்கும். பாரிஸ் அறை ஜூன் 14 காலையோடு முடிகிறது, லூசர்ன் அறை 15ஆம் தேதி தொடங்குகிறது என்று வையுங்கள். இரண்டு காகிதமும் தனித்தனியே பார்த்தால் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் வைத்தால் 14ஆம் தேதி இரவு இவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்வி எழும். பகலை எண்ணாமல் இரவை எண்ணினால் இது உடனே தெரியும்: 10 முதல் 14 வரை ஐந்து, 15 முதல் 17 வரை மூன்று. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டிய பயண மருத்துவக் காப்பீடும் இந்த நாள்கள் முழுவதையும் உள்ளடக்க வேண்டும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்கை வைக்கலாம், தவறில்லை. பிரின்ட் எடுத்த மறுநாளே அதை ரத்து செய்துவிடும் ஏஜென்ட்டுகளின் வேலைதான் ஆபத்து. தூதரகம் ஓட்டலைக் கேட்டுச் சரிபார்த்தால், மற்ற எல்லா உண்மையான காகிதங்களும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து சாயும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு இடறல், பெயர். அண்ணாச்சியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ஓட்டல் தளமோ அதை நிரப்பாமல் விடாது. மகன் தாத்தா பெயரைப் போட்டுவிட்டான். வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும். மனைவி பெயர் ஓட்டல் காகிதத்தில் இல்லவே இல்லை, ‘2 பேர்’ என்றுதான் இருக்கிறது. மதுரையில் இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். அந்நிய மேசையில் அவர்கள் மூன்று பேர். இரண்டு பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வருமாறு ஓட்டலிடம் திருத்தி வாங்கிவிட்டு, இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எனக்கு என்னவோ, கடிதத்தின் மிகப் பயனுள்ள வரி இதுதான் என்று தோன்றுகிறது.

மிஞ்சுவது ஒரே கேள்வி: ஏன் திரும்பி வருவீர்கள்? 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய விசா விதித்தொகுப்பு, விசா முடியுமுன் விண்ணப்பதாரர் வெளியேறுவாரா என்று அதிகாரியைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்கிறது. ‘கட்டாயம் திரும்பி வருவேன்’ என்று எழுதலாம். திரும்பாமல் தங்கிவிட நினைப்பவரும் அதைத்தான் எழுதுவார். அண்ணாச்சி எழுத வேண்டியது வேறு. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது, தள்ளுபடி விற்பனைக்கான சரக்கை ஜூன் கடைசியில் எடுத்தாக வேண்டும். தூதரகத்துக்கு ஆடி தெரியாது. போன வருடத்து ஜூலை மாத ஜி.எஸ்.டி. கணக்கில் விற்பனை ஏறியிருப்பது தெரியும். அதோடு கடைக்கான வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கடன் தவணை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், உடன் இருக்கும் வயதான தாய்.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் திகைத்துப்போவார். கடை, கடன், பிள்ளையின் பரீட்சை, அம்மாவின் மருந்து. எவற்றிலிருந்து எட்டு நாள் விலகி மூச்சு விடலாம் என்று கிளம்பினாரோ, அவைதான் வரிசையாக நின்று அவருக்கு ஜாமீன் சொல்கின்றன. சுமை என்று இத்தனை நாள் முணுமுணுத்ததையெல்லாம் இன்று ஆதாரம் என்று நோட்டரி முத்திரையோடு இணைக்கிறார். கட்டு இல்லாதவனை எந்த நாடும் எளிதில் உள்ளே விடுவதில்லை. கட்டுண்டவனுக்குத்தான் சுற்றிவரும் சுதந்திரம் எழுத்தில் கிடைக்கிறது. மனு எழுதும் பழக்கம் இங்கேதான் தடுமாறுகிறது. இத்தனை பொறுப்புள்ள ஒருவன் கெஞ்ச வேண்டியதில்லை, சொல்லிவிட்டு வந்தால் போதும் என்பதை அவனே அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

ஆனால் இதன் மறுபக்கம் கசப்பானது. மேலூரிலிருந்து வந்து, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன, திருமணமாகாத, வாடகை அறையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் ஈபிள் கோபுரம் பார்க்க ஆசை இருக்கலாம். அண்ணாச்சியைவிட அவள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். காட்டக் காகிதம் குறைவு, அவ்வளவுதான். வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், மாதாமாதம் சம்பளத்தில் ஏறிய சேமிப்பு, நாள் குறைந்த பயணத் திட்டம் இவற்றை வைக்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமா கணக்கில் போட்ட இரண்டு லட்சம் உதவாது, கெடுக்கும். எல்லாம் சரியாக இருந்தும், வெளியேறும் எண்ணத்தில் ஐயம் என்ற கட்டத்தில் டிக் அடித்த படிவம் வந்து சேரலாம். அந்த டிக், நீ பொய் சொன்னாய் என்று சொல்வதில்லை. அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்று மட்டும் சொல்கிறது.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, எப்படி என்பது அந்தப் படிவத்திலேயே இருக்கும். மீண்டும் விண்ணப்பிப்பதானால், அதே கடிதத்தை நல்ல ஆங்கிலத்தில் மெருகேற்றி அனுப்புவதில் பயனில்லை. மாற வேண்டியது நிலைமை. ஒரு வருடச் சம்பளச் சீட்டு சேரட்டும். இடையில் சிங்கப்பூரோ மலேசியாவோ போய்த் திரும்பியதற்கு ஆதாரம் இருக்கட்டும். முந்தைய மறுப்பைச் சொல்லாமல் விடச் சொல்லும் ஏஜென்ட்டை நம்பக்கூடாது. அது ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டு வரை இருக்கும், கைரேகை வைத்ததும் திரையில் வந்துவிடும். எந்தத் தேதியில் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது என்று புதிய கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.