விடுபட்ட 15 பேர்

காமாலைக்கு நாட்டு மருந்து என்றால் கீழாநெல்லிதான். அதைச் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்து, 1988-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே.

இதை மதிப்பிடும் மாணவர், 'ஆள் குறைவு, ஆகவே செல்லாது' என்று எழுதினால் நான் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டேன். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஆள் குறைவு மட்டும் விளக்கிவிடாது. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்கள் முறையே 40, 38 பேர். அப்படியானால் மருந்துப் பக்கம் விடுபட்டவர்கள் 3 பேர், போலி மருந்துப் பக்கம் 15 பேர். இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தவரே கட்டுரையைப் படித்தவர். அந்த 15 பேருக்கும் புரதம் மறைந்து, அந்த 3 பேருக்கும் மறையாமல் இருந்திருந்தால் கணக்கு 40-க்கு 22, 38-க்கு 16 என்றாகி, வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும். 15 பேருக்கும் மறைந்திருக்கும் என்பது மிகையான அனுமானம்தான். ஆனாலும் ஐயத்தின் எல்லையை அது காட்டுகிறது.

அதற்காக 'கீழாநெல்லி பயனற்றது' என்று முடிப்பதும் தவறு. 'இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. விடுபடாமல் பின்தொடரும் இன்னொரு ஆய்வு தேவை' என்பதே முழு மதிப்பெண்ணுக்குரிய வரி. பின்னர் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.