புரவலருக்கு எதைக் கொடுக்கலாம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலை 4 விடுமுறையை ஒட்டி அது நடத்தும் பெருவிழாவாகட்டும், ஊர்ச் சங்கங்கள் நடத்தும் பொங்கல், சித்திரை விழாக்களாகட்டும், நுழைவுச் சீட்டுப் பணத்தை மட்டும் நம்பி நடத்திவிட முடியாது. அரங்க வாடகை இருக்கிறது, ஒலி ஒளிச் செலவு இருக்கிறது, ஊரிலிருந்து வரவழைக்கும் பறை, தெருக்கூத்துக் கலைஞர்களின் விசாவும் விமானச் சீட்டும் இருக்கின்றன. அதனால் இத்தகைய விழாக்களுக்குச் சில மாதங்கள் முன்பே ஒரு ஸ்பான்சர்ஷிப் கையேடு தயாராகி, கடைக்காரர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போகும். வைரம், பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று படிகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை. தொகைக்கு எதிரே திரையில் லோகோ, விழா மலரில் ஒரு பக்கம், ஸ்டால், முன்வரிசை இருக்கைகள், மேடையில் ஐந்து நிமிடம் என்று சலுகைகள் வரிசையாக நிற்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பார்வையாளர் எண்ணிக்கை இருக்கும்.

பணம் வாங்குவதில் தவறு இல்லை. புரவலர் இல்லையென்றால் சீட்டு விலை ஏறும். ஏறினால் முதலில் வராமல் நின்றுவிடுபவர்கள் மாணவர்களும், புதிதாகக் குடியேறிய குடும்பங்களும்தான். பணத்துக்குப் பதிலாகச் சங்கம் எதைக் கொடுக்கிறது என்பதில்தான் அறக் கேள்வி எழுகிறது.

இதற்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 513ஆம் பிரிவு ஒரு நல்ல கோடு போட்டிருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, பணம் தந்தவரின் பெயர், லோகோ, முகவரி, அவர் செய்யும் தொழில் ஆகியவற்றைக் காட்டி நன்றி சொன்னால், அந்தப் பணம் புரவலர் தொகை. விலையைச் சொன்னாலோ, மற்றவர்களைவிட உயர்ந்தது என்றாலோ, வாங்குங்கள் என்று தூண்டினாலோ அது விளம்பரம். அந்த வருமானம் வரிக்கு உட்படலாம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து தொகை கூடும், குறையும் என்று ஒப்பந்தம் போட்டாலும் அது புரவலர் தொகை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. இது வரிக்காக எழுதிய சட்டம்தான் என்றாலும் இதன் உள்ளே சரியான அறவுணர்வு இருக்கிறது. நன்றி சொல்லும் உரிமை சங்கத்துடையது. நம்பி வாங்கலாம் என்று சபைக்கு வாக்குக் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை.

வெளிநாட்டில் இந்தக் கோடு ஏன் இன்னும் முக்கியம் என்பதற்குத் தடாவை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஆரம்பாக்கம் தாண்டியதும் வரும் ஊர் அது. தமிழ் பேசும் மக்கள் இருக்கிறார்கள், சென்னையிலிருந்து ரயில் போகிறது, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மனை விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? தடாவுக்கு அருகே மனைப்பிரிவு போட்ட ஒரு நிறுவனம் தங்கப் படிக்குப் பணம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேனரில் "சென்னைக்கு மிக அருகில்" என்று இருக்கும். மேடையில் ஐந்து நிமிடம் கிடைக்கும். அறிமுகம் செய்பவர் சங்கத் தலைவர். "நம்ம ஊர்க்காரர், நம்பி வாங்கலாம்" என்ற ஒரு வரி அவர் வாயிலிருந்து சுலபமாக வந்துவிடும்.

கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வரி எவ்வளவு எடை உள்ளது! அவர் நேரில் போய்ப் பார்க்க முடியாதவர். தடா ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பத்திரப்பதிவும் வில்லங்கச் சான்றும் அந்த மாநிலத்து அலுவலகத்தில்தான். நிலப் பதிவேடுகள் தெலுங்கில் இருக்கும். பெரிய மனைப்பிரிவுகளை அந்த மாநில ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்துவதையே 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டு ரெரா இணையதளத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் பொது அனுமதியின் கீழ் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. "பண்ணை மனை", "தோப்பு மனை" என்று விற்பவர், சட்டப்படி வாங்கவே முடியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறார் என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த நிறுவனம் நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதிக்காமல் மேடை கொடுத்த சங்கம், மொழியாலும் ஊர்ப்பாசத்தாலும் பல வருடம் சேர்த்த நம்பிக்கையை ஐந்து நிமிட வாடகைக்கு விட்டிருக்கிறது. அந்த நம்பிக்கை நிர்வாகக் குழுவின் சொத்து அல்ல, உறுப்பினர்களுடையது. ஸ்டால் போடட்டும், பெயர் திரையில் வரட்டும். ரெரா பதிவு எண்ணும், நிலம் மனையாக வகைமாற்றம் ஆன ஆவணமும் வாங்கிப் பார்த்த பிறகே பணத்தைத் தொட வேண்டும். மேடைப் பேச்சை எந்தப் படியிலும் விற்கக்கூடாது. முன்பதிவில் வந்த பெயர், கைபேசி எண் பட்டியலைக் கொடுப்பதும் அப்படியே. "வைரப் புரவலருக்கு வருகையாளர் தொடர்பு விவரம்" என்று ஒரு வரி கையேட்டில் இருந்தால், அந்தப் பட்டியலில் உள்ள யாரும் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

இனி அந்த முதல் பக்கத்து எண்ணுக்கு வருவோம். அது எப்படி வீங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். சீட்டு வாங்கியவர் 900 பேர். மேடையேறும் குழந்தைகளும் தொண்டர்களும் 300 பேர். ஆக 1,200. விழா இரண்டு நாள், எனவே 2,400. முகநூல் நேரலையை யாரோ சில நொடி பார்த்ததும் சேர்ந்து அதில் 8,000 பார்வைகள். கையேட்டில் "10,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள்" என்று அச்சாகிறது. தனித்தனியாக எந்த எண்ணும் பொய் இல்லை, கூட்டல்தான் பொய். உண்மை எண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி சமையல்காரரிடம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு என்று அவருக்குச் சொன்ன கணக்கில் யாரும் மிகைப்படுத்துவதில்லை, ஏனென்றால் அதற்குச் சங்கம் பணம் கட்ட வேண்டும். அரங்கின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவும் அப்படித்தான். 1,400 பேருக்கான அரங்கில் ஒரே நேரத்தில் 5,000 பேர் இருக்க முடியாது.

இந்த மிகையால் ஏமாறுபவர் பெரிய வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ அல்ல. அவர்களிடம் எண்ணைக் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. தங்களுக்கென்று ஒரு மதிப்பு வைத்துத்தான் பணம் தருகிறார்கள். அதே ஊரில் மளிகைக் கடையோ இட்லிக் கடையோ நடத்தும் தமிழர் வெள்ளிப் படிக்குப் பணம் கட்டுகிறார். சங்கச் செயலாளர் தெரிந்தவர் என்பதால் எண்ணைக் கேட்க அவருக்குக் கூச்சம். மறுவருடம் அவர் மனம்விட்டுக் கொடுக்க மாட்டார். கேட்டால் மறுக்கவும் முடியாது.

உண்மை எண்ணைப் போட்டால் புரவலர் குறைவார்கள் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். சிலர் குறையத்தான் செய்வார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்போது வெட்ட வேண்டியது எது என்பதும் தெளிவு: திரை நட்சத்திரத்துக்கான முதல் வகுப்பு விமானச் சீட்டும், ஐந்து நட்சத்திர ஓட்டல் அறையும். தெருக்கூத்துக் குழுவின் செலவையும் மாணவர் சீட்டு விலையையும் தொடாமலேயே கணக்கைச் சரிக்கட்டிவிட முடியும். அதற்கு நிர்வாகக் குழு விழாவின் அளவைச் சுருக்கச் சம்மதிக்க வேண்டும். போன வருடத்தைவிடச் சிறியது என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்ல வேண்டும்.