வட்டியில்லா அட்வான்ஸின் வட்டி

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. உளி பிடிக்கும் கைக்கு என்ன பாதுகாப்பு என்பது வேறு கேள்வி. அந்தக் கைக்குப் பெரும்பாலும் பீஸ் கணக்கில்தான் கூலி. கல்யாணம், வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு என்று செலவு வரும்போது பட்டறை முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்பார்கள். முதலாளியும் கொடுப்பார். நல்ல வேலைக்காரர் அடுத்த பட்டறைக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணமும் அந்தப் பணத்தோடு சேர்ந்தே போகும். இப்படிக் கொடுத்து ஆளை நிறுத்திவைப்பது உதவியா, கட்டிப்போடுவதா?

அட்வான்ஸே கூடாது என்பவர்கள் தொழிலாளியின் வீட்டைப் பார்க்காதவர்கள். பட்டறை கைவிட்டால் அவர் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்பார். ஆகவே கொடுப்பதில் தவறில்லை. கொடுத்த பிறகு கூலி என்ன ஆகிறது என்பதில்தான் தவறு ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாமிப் பலகைக்கு 3,200 ரூபாய், நான்கு நாள் வேலை என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 800 விழும். ஆனால் செதுக்கும்போது உள்ளே முடிச்சு தட்டுகிறது, வெடிப்பு தெரிகிறது. உளி தீட்டவும் நேரம் போகிறது. வேலை ஐந்து நாளாகிவிட்டால் நாளுக்கு 640தான். நல்ல மரமாகப் பார்த்துத் தருவது முதலாளியின் பொறுப்பு. அது தவறியதால் வரும் நஷ்டத்தைத் தொழிலாளி சுமக்கிறார். பீஸ் ரேட்டை வைக்கும்போதே தீட்டும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். மரம் கெட்டால் அந்த நாளுக்குத் தனிக் கூலி தர வேண்டும்.

இதே தொழிலாளி 24,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், பலகைக்கு 1,000 பிடிப்பு. வட்டி கிடையாது. ஆனால், 'பாக்கி இருக்கும்வரை உனக்கு 2,800தான்' என்று ரேட் இறங்குகிறது. கைக்கு வருவது ஐந்து நாளுக்கு 1,800. கடன் தீர 24 பலகை செதுக்க வேண்டும். பலகைக்கு 400 வீதம் 9,600 ரூபாயை அவர் இழந்திருப்பார். 120 வேலை நாளில், வாங்கிய பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பாக்கி குறைந்துகொண்டே வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் வட்டிச் சுமை இன்னும் கூடுதல். மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது ஊதியச் சட்டம். இந்தக் கணக்கில் பிடித்தம் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அநியாயம் பிடிப்பில் இல்லை, ரேட்டில் இருக்கிறது. நோட்டைப் புரட்டினாலும் கண்ணில் படாது. பாக்கி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பலகைக்கு என்ன ரேட் என்று கேட்டால்தான் தெரியும்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய கதையும் அல்ல. மேற்கே கல்வராயன் மலை 1976இல்தான் ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அதுவரை மலைமக்கள் அவர்களின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் உரிமையை ஒருவர் இழந்தாலோ, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்ந்தாலோ அது கொத்தடிமை என்கிறது அந்தச் சட்டம். சங்கிலியோ பூட்டிய அறையோ தேவையில்லை. வறுமையின் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைப்பதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முதலாளியின் பக்கமும் நியாயம் உண்டு. சிறு பட்டறைக்காரரும் கடனில்தான் ஓடுகிறார். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சொல்லாமல் போய்விடுவது தொழிலாளி செய்யும் துரோகம், அதை வறுமை என்று சொல்லி மூடக் கூடாது. ஆனால் அவர் திருப்பித் தர வேண்டியது பணம். அதைத் தவணையில் கேட்கலாம், வழக்குப் போட்டும் கேட்கலாம். போகும் ஆளைத் தடுக்கவோ, அடுத்த பட்டறைக்காரரிடம் சொல்லி வேலை கிடைக்காமல் செய்யவோ உரிமை கிடையாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை அழைத்துப்போவதைப் பலர் நியாயமான தீர்வாக நினைக்கிறார்கள். அங்கும் ரேட் குறைந்தால், கடனோடு ஆளும் கைமாறுகிறார் என்பதைத் தவிர ஒன்றும் மாறுவதில்லை.

கூலிக்கு ஒரு நோட்டு, கடனுக்கு ஒரு நோட்டு என்று பிரித்து வைத்து, இரண்டின் நகலும் தொழிலாளியிடம் இருக்க வேண்டும். கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேட் ஒன்றே. வேலையில்லாத வாரத்தில் பிடிப்பும் இல்லை. தேர்ந்த கையை நிறுத்திவைக்க நினைப்பவர், தேர்ச்சிக்கு ஏற்ப ரேட்டை உயர்த்தட்டும். அது கட்டுப்படியாகாது என்று பட்டறைக்காரர் சொன்னால், பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆகவே கதவும் வாகனமும் செய்யக் கொடுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆர்டர் கொடுக்கும் அன்றே செதுக்குக் கூலியைக் கொடுத்துவிடுங்கள், தொழிலாளிக்குப் பலகைக்கு எவ்வளவு கூலி தருகிறார் என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள்.