பெற்றோருக்குச் சேரவேண்டிய செய்தி

பள்ளியிலிருந்து மின்னஞ்சல் என்றாலே, பையன் இந்தத் தடவை என்ன செய்துவிட்டானோ என்று நெஞ்சு படபடக்கப் பழகிப்போன பெற்றோருக்கு, அவன் தேறிவருகிறான் என்று உபாத்தியாயர் எழுதுவது வெறும் உபசாரமா, அவர் செலுத்தியே தீரவேண்டிய கடனா? வீட்டுப்பாடம் வரவில்லை, மதிப்பெண் குறைந்தது என்று அவர் முன்பு அனுப்பிய புகார்கள் தனித்தனியே உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் குறைகளை மட்டுமே கோத்த விவரம் மொத்தத்தில் பொய்ச் சாட்சியமாகவே முடிகிறது. அதை நம்பித்தான் வீட்டில் அவனுக்குத் தீர்ப்பு வழங்கப்படுகிறது என்பதால், அதைத் திருத்தும் பொறுப்பும் எழுதியவரையே சாரும்.

அதிகம் பேசாத மாணாக்கன் விஷயத்தில் இந்த அநியாயம் இன்னும் எளிதில் நேர்ந்துவிடுகிறது. சேட்டைக்காரன் திருந்தினால் வகுப்பு முழுவதும் அறியும். ஆனால் இயற்கணிதத்தில் பக்கத்து நோட்டைப் பார்த்து விடையை மட்டும் எழுதிவந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், சில வாரங்களாகப் படிகளை வரிசையாக எழுதத் தொடங்கி, சமன்பாட்டில் எண் மறுபக்கம் போகும்போது குறி மாறுவது இருபுறமும் அதே எண்ணைக் கழிப்பதனால்தான் என்று ஓரத்தில் காரணமும் குறித்திருந்தால், நோட்டைத் திருத்துகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. ஆகவே மின்னஞ்சலின் தலைப்பிலேயே நல்ல செய்தி என்று அறிவித்து, அந்த ஓரக்குறிப்பை அப்படியே எடுத்துக்காட்டுவதுதான் முறை. ‘இன்னும் கொஞ்சம் கலகலப்பாக இருந்தால் தேவலை’ என்று கடைசியில் ஒட்டுவது, சுபாவத்தையே குற்றமாக்கி, பாராட்டையும் புகாராக்கிவிடும்.

குறையைச் சொன்னால்தானே பலன் உண்டு என்று ஆட்சேபிப்போர் பக்கத்திலும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மத்தியூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தவறிய பாடத்தை மீண்டும் படித்த உயர்நிலைப்பள்ளி மாணாக்கரின் வீடுகளுக்கு வாரந்தோறும் ஒரு வாக்கியச் செய்தி அனுப்பியதில், அப்பாடத்தில் தேறாமல் போனவர்களின் விகிதம் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தது. அதிலும் நன்றாகச் செய்ததைச் சொன்ன செய்தியைவிட, திருத்தவேண்டியதைச் சொன்ன செய்திக்கே பிரயோஜனம் அதிகமாகத் தெரிந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எது மதிப்பெண்ணை உயர்த்தும் என்பது ஒரு கேள்வி, பெற்றோருக்கு எது சொல்லப்பட வேண்டியது என்பது வேறு கேள்வி. பலன் இருந்தால் மட்டுமே நல்லதைச் சொல்வது என்பது, உண்மையை ஒரு தந்திரமாக நடத்துவதாகும்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை மாணாக்கனைப் பற்றியது: தன்மீது கவனம் விழுவதையே விரும்பாதவனை, அவனறியாமல் வீட்டில் பேசுபொருளாக்கலாமா? ஆகாது. அவனிடம் முதலில் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அவன் நம்பி உபாத்தியாயரிடம் சொன்ன அந்தரங்கமும், பிற மாணாக்கரோடு ஒப்பீடும் அதில் இடம்பெறக் கூடாது. இப்படி எழுதியவர் நாளை ஒரு குறையை எழுத நேர்ந்தாலும், இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்பவரின் வார்த்தை என்று பெற்றோர் அதை ஏற்பார்கள். அந்த நம்பிக்கையை முன்கூட்டியே சம்பாதிக்காதவருக்குப் புகார் சொல்லும் தகுதியும் பாதிதான்.