எஞ்சி நிற்போருக்கு ஆறுதல்

கூடப் பிறந்தோரையும் கூடித் திரிந்தோரையும் ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டுத் தனித்து நிற்பது முதுமையின் பெருந்துயர். அண்ணனின் அந்தியேட்டி முடியுமுன்னே தங்கையின் செய்தி வருகிறது. “கடவுள் என்னை மட்டும் ஏன் விட்டு வைத்தார்?” என்று கேட்கும் முதியவரிடம், “வயது போனால் இது வழமைதானே” என்பது ஆறுதலாகாது.

பெரியபுராணத்தில் திலகவதியார் இத்துயரை இளமையிலேயே கண்டார். தந்தை புகழனார் மறைய, தாய் மாதினியாரும் உடன் சென்றார். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்தது. அம்மையார் உயிர்விடத் துணிந்தார். தம்பி மருணீக்கியார் அடிகளில் வீழ்ந்து, தமக்கையையே தாய் தந்தையாக எண்ணி வாழ்வதாகவும், அவர் பிரிந்தால் தாம் முந்தி உயிர்விடுவதாகவும் அழுதார். தம்பி தத்துவம் பேசவில்லை. “நீங்கள் எனக்கு வேண்டும்” என்றார். அம்மையார் உயிர் தாங்கினார். பின்னர் திருவதிகையில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். அந்தத் தம்பியே திருநாவுக்கரசரானார்.

31ஆம் நாள் கழிந்து உறவினர் கலைந்த பின்னரே முதியவரின் தனிமை தொடங்குகிறது. அப்போது சென்று அருகில் அமர வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லி, சிறுவயதுக் கதைகளைக் கேட்க வேண்டும். அழுதால் தடுக்க வேண்டாம். ஆடி அமாவாசையில் பிதிர்களின் பெயர்களைத் தலைமுறை வரிசையில் சொல்ல அவரன்றி யார் உளர்? பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மாலை கட்டப் பூவும் நாரும் அவர் கையில் கொடுக்கட்டும். எஞ்சி நிற்பவர் வேண்டப்படுபவர் என்பதை அவர் அப்போது உணர்வார்.