ஒரே ஒரு கிள்ளு

எவ்வளவு நேரம் கிள்ளினாய் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒரு நொடி இருக்கலாம், இரண்டு நொடி இருக்கலாம். வெள்ளாட்டின் பிறப்புவழியில் சிக்கிக் கிடந்த குட்டியின் முன்னங்காலைப் பிடித்து, பிளவுபட்ட குளம்பின் நடுவே இருக்கும் மெல்லிய தோலைக் கையுறை போட்ட விரல்களால் ஒருமுறை கிள்ளினாள். கால் அசையவில்லை.

"உசுரு இருக்கா பாப்பா?" என்று கேட்டார் ஆட்டுக்காரப் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா. செத்துருச்சு."

அதன்பின் எத்தனையோ ஆடுமாடுகளைப் பார்த்துவிட்டாள். அவற்றில் சில பிழைத்தன, சில போயின. எதுவும் அவளை இப்படித் துரத்தவில்லை. அந்த ஒரு கிள்ளு மட்டும் விரல்நுனியிலேயே தங்கிவிட்டது.

கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். அந்த ஓராண்டில் அவளுக்கு வாய்த்த முதல் இரவுப் பணி அது. தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவே வாய்க்காலை ஒட்டி ஒரு பண்ணை. பரண் போட்ட கொட்டகையில் நாற்பது ஆடுகள் இருந்தன. மூத்த மருத்துவர் வேறோர் ஊரில் ஒரு பசுவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் வந்துசேர நேரமாகும் என்றும் அதுவரை போனில் சொல்வதாகவும் சொல்லிவிட்டார். அவள் போய் நிற்கும்போது மணி ஒன்றரை.

ஆடு தலையீத்து. சிறிய உடம்புள்ள நாட்டு ஆடு, சினைப்படுத்தியதோ போயர் கிடா. இந்த இடத்திலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. நாட்டு வெள்ளாட்டின் குட்டி பொதுவாக ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். தூய போயர் குட்டி மூன்று கிலோவுக்கு மேலேயே பிறக்கும், தலையும் பெரிது. கறிக்கு நல்ல எடை கிடைக்கும் என்று கிடாவை வாங்கிவிடுகிறார்கள். அந்த எடை வெளியே வரவேண்டிய வழியின் அளவை யாரும் யோசிப்பதில்லை.

பனிக்குடம் உடைந்து ஆடு முக்க ஆரம்பித்தால் அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் குட்டி வந்துவிட வேண்டும். அந்த ஆடு இரவு பத்து மணியிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, இரண்டும் வீங்கியிருந்தன. மூக்கைக் காணவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அவை முன்னங்கால்களா, பின்னங்கால்களா என்பதை. குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். பிறகு இரண்டும் ஒரே குட்டியின் கால்கள்தானா என்று பார்க்க வேண்டும். இரட்டைக் குட்டிகள் இருக்கும்போது ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு நிற்பதுண்டு. தெரியாமல் இழுத்தால் இரண்டுமே சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு காலையும் தடவிக்கொண்டே மேலே போய் நெஞ்சைத் தொட வேண்டும். அவள் தொட்டாள். ஒரே குட்டிதான். தலை மட்டும் விலாப்பக்கம் திரும்பி மடங்கியிருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கிள்ளு.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான்கைந்து வழிகள் உண்டு. வாய்க்குள் விரலை விட்டால் உயிருள்ள குட்டி சப்பும். கண் இமையைத் தொட்டால் சுருங்கும். குளம்பு நடுவே கிள்ளினால் காலை இழுத்துக்கொள்ளும். நெஞ்சில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். தலை எட்டாத நிலையில் கால்தான் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது, அதனால் கிள்ளினாள். ஆனால் மணிக்கணக்கில் இறுகிப்போன காலுக்கு இழுத்துக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது? பிராணவாயு குறைந்து சோர்ந்துவிட்ட குட்டிக்கு உணர்ச்சியும் மங்கிவிடும். போதாததற்கு ஆடு முக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கை நசுங்கி மரத்துப்போகிறது. அசைந்தது குட்டியின் காலா, ஆட்டின் முக்கலா, தன் நடுக்கமா என்று பிரித்தறிவது கடினம். ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கன்றுவீச்சு நோய்க்குப் பயந்து கையுறை வேறு.

கால் அசைந்திருந்தால் உயிர் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. அசையாவிட்டால்?

இந்தக் கேள்வியை அவள் வகுப்பில் படிப்பதற்கு முன்பே வீட்டு முற்றத்தில் கேட்டிருக்கிறாள். அப்பாவுக்குச் சொந்தமாக விதைநெல் எடுத்துவைக்கும் பழக்கம். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பகுதி இது. புது ரகம் வந்தால் ஊரே போய் வாங்கிவரும், ஆனாலும் கோணிச்சாக்கை நனைத்து நூறு நெல்லை எண்ணிச் சுருட்டிவைக்கும் சோதனையை அப்பா விட்டதில்லை. நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும் என்பது கணக்கு. ஒருவருஷம் அறுத்த கையோடு எடுத்த சம்பா நெல்லைச் சுருட்டிவைத்தார். பிரித்தபோது முப்பதுகூட முளைக்கவில்லை. "எல்லாம் செத்த நெல்லு" என்று ஏழு வயதுக்காரி தீர்ப்புச் சொன்னாள்.

அப்பா சிரித்தார். "சாவல. தூங்குது" என்றார்.

சில சம்பா ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் சில வாரம் உறக்கம் உண்டு. அந்தக் காலத்தில் தண்ணீர் காட்டினாலும் முளைக்காது. மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடாமல் காப்பதும் அந்த உறக்கம்தான். அதே குவியலிலிருந்து பிறகொரு நாள் எடுத்துச் சுருட்டிய நெல் கொத்துக்கொத்தாக முளைவிட்டது. முளைத்தால் உயிர் இருக்கிறது. முளைக்காததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இது தெரிந்தவள்தான் கொட்டகையில் இரண்டு நொடியில் தீர்ப்புச் சொன்னாள்.

விடுதியில் யாரோ கொடுத்த ஒரு புத்தகமும் அவள் நினைவில் உண்டு. ஆல்ஃப் வைட் என்ற யார்க்‌ஷயர் கால்நடை மருத்துவர், ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் 1970-இல் வெளியிட்டது. எடுத்த எடுப்பில் ஒரு பின்னிரவு, தலை மடங்கிய ஒரு கன்று. பாதியில் வைத்துவிட்ட புத்தகம் அது. அந்த மருத்துவர் கன்றின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாரா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் வேலை அதிகம் என்கிறாள்.

செத்துருச்சு என்பது வெறும் தகவல் இல்லை. அந்தச் சொல் வந்ததும் அடுத்து என்ன செய்வது என்பதே மாறிவிடுகிறது. குட்டிக்கு உயிர் இருந்தால் நிதானம் வேண்டும், முடியாவிட்டால் வயிற்றைக் கீறி எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். குட்டி போய்விட்டதென்றால் தாயைக் காப்பாற்றினால் போதும். கொஞ்சம் பலமாக இழுக்கலாம்.

கை வேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டு முன்னங்கால்களிலும் கயிற்றுச் சுருக்குப் போட்டாள், உள்ளே தள்ளினாலும் தொலைந்துபோகாமல் இருக்க. பெரியம்மாவின் மகன் ஆட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். வழுவழுப்புக்குப் பசையை ஏராளமாக உள்ளே விட்டு, ஆடு முக்காத இடைவெளி பார்த்துக் குட்டியை மெல்லப் பின்னால் தள்ளினாள். கிடைத்த இடத்தில் கையை நீட்டிக் குட்டியின் மூக்கை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். குட்டியின் பல் கருப்பையைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிப் பொத்த வேண்டும். தலை நேரானது.

குட்டியின் வாய் அப்போது அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. ஒரு விரலை உள்ளே விட்டிருக்கலாம். விடவில்லை, முடிவுதான் சொல்லியாகிவிட்டதே.

ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக இழுத்தால் தோள் அகலம் குறையும். ஆடு முக்கும்போது தரையை நோக்கி வளைவாக இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தாள், ஆனால் பலமாக இழுத்தாள். குட்டி வந்தது. மூச்சில்லை. அதைச் சாக்கில் கிடத்திவிட்டு உடனே உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று கைவிட்டாள். இருந்தது. அது சுலபமாக வந்து, மூக்கைத் துடைத்ததும் தும்மியது. தொப்புளில் அயோடின் வைத்து, அரை மணிக்குள் சீம்பால் குடிக்கவைத்தாள். பெரியம்மா அந்நேரத்திலும் டீ போட்டுக் கொடுத்தார்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சாக்கில் கிடந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சில்லாமல் பிறக்கும் குட்டிக்குச் சிலநேரம் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். மூக்கில் வைக்கோலால் நெருடி, உடம்பைப் பரபரவென்று தேய்த்தால் மீண்டுவிடும். துடிப்பு இருக்கிறதா என்று நெஞ்சில் விரல் வைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது வைத்தாள். குளிர்ந்திருந்தது.

வெளிச்சத்தில் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது, ஆகவே நாள்கணக்கில் இறந்து கிடந்தது இல்லை. மயிரில் மஞ்சள் கறை, ஆகவே உள்ளே உயிரோடு திணறியிருக்கிறது. கால்கள் வீங்கியிருந்தன, ஆகவே சிக்கிய பிறகும் ரத்தம் ஓடியிருக்கிறது. அந்த ஓட்டம் பன்னிரண்டு மணிக்கு நின்றதா, அவள் இழுத்தபோது நின்றதா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. நுரையீரலை அறுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனைகூட, வெளியே வந்து மூச்சு விட்டதா என்பதை மட்டுமே காட்டும்.

விடியும்போது வந்த மூத்த மருத்துவர் ஆட்டைப் பார்த்துவிட்டு, மூன்றரை மணி நேரம் சிக்கிய குட்டி பெரும்பாலும் தங்காது என்றார். அது உண்மைதான். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவள் கவனித்தாள்.

இப்போது மூன்று இடத்தில் தொட்டுப் பார்க்காமல் அவள் வாய் திறப்பதில்லை. கேட்பவர்களிடம் "துடிப்பு தெரியல, உசுரு இருக்குன்னு நெனச்சே எடுக்கிறேன்" என்கிறாள். நேர்மையாகப் பேசக் கற்றுக்கொண்டாளா, பழி தன்மேல் விழாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பதும் தெரியவில்லை. அந்த அம்மாள் அவளை ஒரு உயிரையும் தாயையும் காப்பாற்றிய டாக்டராகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. அந்த ஆடு மறுபடி சினையாம்.

"கிடா எது பெரியம்மா?" என்று கேட்டாள்.

"அதே கிடாதான் பாப்பா. நல்ல எடை வருதுல்ல."