யாருக்கும் தாய்மொழி இல்லாத தமிழ்

எண்ணூர் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்ததே, அந்தக் கதை. அதை இரண்டு விதமாக எழுதலாம். உதாரணத்துக்கு நானே எழுதுகிறேன்.

"எண்ணெய்ப் படலம் முகத்துவாரம் முழுவதும் பரவியதால் மீனவர்களின் வாழ்வாதாரம் பெரிதும் பாதிக்கப்பட்டது."

"வலையெல்லாம் எண்ண பூசிக்கினு கெடக்குது. இத்த வச்சிக்கினு எங்க போயி மீன் புடிக்கிறது?"

எழுதியது மனிதரா மெஷினா என்று சொல்லும் டிடெக்டர்களில் பரவலான ஒரு வகை, முதல் வாக்கியத்தைச் சந்தேகிக்கும், இரண்டாவதை விட்டுவிடும். எழுதியது என்னவோ ஒரே கைதான்.

காரணம் எளிது. அந்த வகை டிடெக்டர் அளப்பது 'ஆச்சரியத்தை'. ஒரு மொழி மாதிரியிடம், இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கச் சொல்கிறது. ஊகம் எளிதாகப் பலித்துக்கொண்டே போனால், இது மெஷின் எழுதியது என்று முடிவு கட்டுகிறது. தமிழில் அந்த மாதிரிகள் படித்து வளர்ந்ததில் பெரும்பங்கு செய்தித்தாள், விக்கிப்பீடியா போன்ற எழுத்துத் தமிழ். அதனால் 'வாழ்வாதாரம்' என்றதுமே 'பாதிக்கப்பட்டது' வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

பேச்சுத் தமிழில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. 'வந்துவிட்டது' என்பதற்கு எழுத்துத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பேச்சை எழுதும்போது வந்துட்டுது, வந்துடுச்சு, வந்துடுச்சி, வந்திருச்சு என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவோம். அந்த இடத்தில் அந்தப் பொருள் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று மாதிரி நினைப்பதாகக் கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் ஆச்சரியம் 2 பிட். பேச்சுத் தமிழில் அதே வாய்ப்பு நான்கு எழுத்துக்கூட்டலுக்கும் சமமாகப் பிரிந்தால், ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒன்று, அதாவது 4 பிட். சிந்தனையில் ஒரு துளி புதுமை கூடவில்லை, ஆனால் ஆச்சரியம் இரண்டு மடங்கு.

இனி கட்டுரைக்கு வருவோம். கணக்குக்காக, எழுத்துத் தமிழ் வாக்கியத்தின் சராசரி 3, பேச்சு வாக்கியத்தின் சராசரி 6, டிடெக்டரின் எல்லைக்கோடு 4 என்று வைப்போம். எல்லா வாக்கியங்களும் ஒரே நீளம். பத்தும் எழுத்துத் தமிழ் என்றால் சராசரி 3, மெஷின். அதில் நான்கை ராயபுரத்துப் பேச்சாக மாற்றினால் சராசரி 4.2, மனிதர். மெஷினிடமே "நாலு வரி மெட்ராஸ் பாஷை சேர்" என்று சொன்னாலும் இதே கதவு திறந்துவிடும். எல்லைக்கோட்டை நகர்த்தியும் பயனில்லை. பேச்சு மட்டும் கொடுத்துப் பழக்கிக் கோட்டை 5-இல் வைத்தால், நிதானமாக எழுதும் எல்லோரும் மாட்டுவார்கள். வாக்கியம் வாக்கியமாகத் தனித்தனிக் கோடு போடலாமே என்றால், ஒரு வாக்கியத்தில் ஏழெட்டுச் சொல்தான் இருக்கிறது. அத்தனை சிறிய துண்டில் இந்த அளவு நிலையாக நிற்காது.

ஆங்கிலத்தில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளை 7 டிடெக்டர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை மெஷின் எழுதியவை என்றன. கற்றுக்கொண்ட மொழியில் பத்திரமாக எழுதுகிறவர்களின் சொற்கள் ஊகிக்க எளிதாக இருந்தன. அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

தமிழில் இது இன்னும் சங்கடமான கேள்வியாகிறது. சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் 'டைக்ளோசியா' என்ற இரட்டை வழக்கை விவரித்தபோது, அதில் உயர் வழக்கை யாரும் வீட்டில் பேசி வளர்வதில்லை, பள்ளியில்தான் கற்கிறார்கள் என்பதை முக்கிய அடையாளமாகச் சொன்னார். எழுத்துத் தமிழ் நமக்கு அப்படித்தான். வீட்டில் யாரும் "வந்துவிட்டேன் அம்மா" என்று சொல்வதில்லை. அந்த வகையில் டோஃபெல் எழுதியவர்களின் நிலையில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

ஆனால் சமமாக இல்லை. வீடு நிறையப் புத்தகம் உள்ளவர் எழுத்துத் தமிழை உடைத்து விளையாடக் கற்றிருப்பார். திருவொற்றியூரில் முதல் தலைமுறையாகப் படித்து வரும் ஒரு பெண்ணுக்குப் பாடப்புத்தகமும் கட்டுரை நோட்டும்தான் எழுத்துத் தமிழ். "உன் பேச்சைப் பேப்பர்ல எழுதாதே" என்று பன்னிரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தோம். அவளும் கேட்டுக்கொண்டாள். இப்போது அந்தத் திருத்தமான தமிழையே காட்டி, இது உன்னுடையது இல்லை என்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இந்த மெஷின்கள் வருவதற்கு முன், அதாவது 2015-க்கு முன்பு அச்சான மனிதர் எழுத்தை எடுங்கள். ஒரு குவியல் தலையங்கம், ஒரு குவியல் வட்டாரப் பேச்சில் எழுதியவை. டிடெக்டர் தவறாக மாட்டிவிடும் விகிதத்தை இரண்டுக்கும் தனித்தனியே எண்ணுங்கள். மொத்தச் சராசரி இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நின்றால், அந்தக் கருவி பார்ப்பது யார் எழுதினார் என்பதை அல்ல, எந்தத் தமிழில் எழுதினார் என்பதை.

ஓப்பன்ஏஐ தன் டிடெக்டரைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதையும் ஆங்கிலத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். ஒரு படைப்பைத் திருப்பி அனுப்பும் முன் எழுதியவரிடம் நாலு கேள்வி கேட்கலாம்: இந்தச் சொல் ஏன், இந்த ஆளை எங்கே பார்த்தாய், முதல் வரைவு இருக்கிறதா? நேரம் பிடிக்கும்தான். ஆனால் ஒருத்தியைப் பொய்யர் என்று சொல்வதற்கு அந்த நேரமாவது செலவழிக்க வேண்டாமா?